மிகை உயிர்க்குறி எழுத்துகள்: சாக்கடல் ஏசாயாச் சுருளும் பிற்கால எபிரேய நிலைமரபும் – ஒரு சுவடியியல் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

எபிரேய நெடுங்கணக்கு மெய்யெழுத்துகளை மட்டுமே கொண்டது. அவற்றுட் சிலவற்றை உயிரொலி குறிக்கவும் பயன்படுத்தினர். சாக்கடற் கரையில் கிடைத்த ஏசாயாச் சுருள் இவ்வெழுத்துகளை மிகுதியாகவும், பிற்கால நிலைமரபாகிய மசோராப் பாடம் சுருக்கமாகவும் ஆள்கின்றன. இவ்வேறுபாடுகளில் எவை வெறும் எழுத்துமுறை சார்ந்தவை, எவை சொல்வடிவம் சார்ந்தவை, எவை பாடவேறுபாடுகள் எனப் பகுக்கும் முறையை இக்கட்டுரை ஏசாயா 40:6 என்னும் ஒரு தொடரைக் கொண்டு விளக்குகிறது. தமிழ் ஓலைச்சுவடி எழுத்துமுறையும் கொச்சிச் சுருளும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எபிரேயம், ஏசாயாச் சுருள், மசோரா, நிறையெழுத்து, குறையெழுத்து, பாடவேறுபாடு, ஓலைச்சுவடி

முன்னுரை

காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையில் அமைந்த தரங்கம்பாடியில், சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டுத் தமிழாக்கம் 1719இல் அவர் மறைந்தபோது ரூத் ஆகமம் வரையே வந்திருந்தது. எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ட்சே 1720களில் முடித்தார். எபிரேயத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. எபிரேயத்தில் வினைமுற்றின் எண், இடம், பால் சில வேளைகளில் எழுத்தில் வெளிப்படுவதில்லை. தமிழ் வினைமுற்றோ அவற்றை விகுதியால் காட்டியே தீரவேண்டும். "என்றான்", "என்றேன்" என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாலன்றித் தொடர் முடியாது. அத்தேர்வுக்குத் துணைநிற்பது உயிர்க்குறி. அவ்வுயிர்க்குறி எப்போது, யாரால் இடப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

நிறையும் குறையும்

எபிரேய எழுத்துகளுள் ஆலெப், ஹே, வாவ், யோத் ஆகிய நான்கும் மெய்யாகவும் நிற்கும். உயிரொலியைச் சுட்டும் குறியாகவும் நிற்கும். வாவ் என்பது 'வ்' எனவும் ஒலிக்கலாம். ஓகாரம், ஊகாரம் ஆகியவற்றையும் காட்டலாம். யோத் என்பது 'ய்' எனவும் ஒலிக்கலாம். ஈகாரம், ஏகாரம் ஆகியவற்றையும் காட்டலாம். இத்தகைய எழுத்து இடப்பட்ட வடிவத்தை எபிரேய மரபு 'மாலே' (நிறைந்தது) என்றும், இடப்படாததை 'ஹாஸேர்' (குறைந்தது) என்றும் வழங்கும். இங்கு அவற்றை நிறையெழுத்து, குறையெழுத்து எனக் குறிக்கிறோம்.

தமிழ்ச் சுவடி பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. ஓலையில் துணைக்காலும் ரகரமும் பெரும்பாலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன, புள்ளியும் விடப்பட்டது. அம்முறையில் 'காரைக்கால்' என எழுதினால் இன்றைய கண்ணுக்கு அது 'கரரைககரல' என்றே தோன்றும். எந்தக் கோடு உயிர்க்குறி, எந்தக் கோடு ரகரம் என்பதை ஊரறிந்த வாசகரே பிரித்தறிவார். ஒரே எழுத்து மெய்யாகவும் உயிர்க்குறியாகவும் நிற்பதே வாவ் எழுத்தின் நிலையும். வேறுபாடு ஒன்றுண்டு. தமிழில் உயிர்க்குறி இடுவது கட்டாயம். குழப்பம் அதன் வடிவத்தில்தான். எபிரேயத்திலோ இடுவதா விடுவதா என்பதே எழுதுவோரின் விருப்பத்திற்கு உட்பட்டிருந்தது.

இரு சான்றுகள்

1947இல் கும்ரான் முதற்குகையில் கண்டெடுக்கப்பட்ட பெரிய ஏசாயாச் சுருள் 17 தோல்களைத் தைத்து அமைந்தது; நீளம் ஏறத்தாழ 7.34 மீட்டர்; 54 பத்திகளில் ஏசாயா நூல் அநேகமாக முழுமையாக உள்ளது. எழுத்தமைதி கொண்டு இது கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தது என்பர். மறுபுறம், இன்றைய பதிப்புகள் பலவற்றுக்கு அடிப்படையான லெனின்கிராட் கைப்பிரதி கி.பி. 1008ஐ ஒட்டி எழுதப்பட்டது. இரண்டிற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு.

சுருளில் 'இல்லை' எனப் பொருள்படும் 'லோ' என்னும் சொல் பெரும்பாலும் லாமெத்-வாவ்-ஆலெப் என மூன்றெழுத்துகளால் எழுதப்படுகிறது. மசோராப் பாடத்தில் லாமெத்-ஆலெப் என இரண்டே. தாவீது என்னும் பெயர் சுருளில் யோத் பெற்று நான்கெழுத்தாகவும், மசோராவின் ஏசாயாவில் யோத் இன்றி மூன்றெழுத்தாகவும் வரும். ஆயினும் மசோராப் பாடமும் ஒருசீரானதன்று. சாமுவேல் நூல்களில் குறையெழுத்தாய் வரும் அதே பெயர், காலத்தால் பிந்திய நாளாகமத்தில் நிறையெழுத்தாய் வருகிறது.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. படி பழையது; அதன் எழுத்துமுறையோ புதியது. கி.மு. 700ஐ ஒட்டிய சிலோவாம் கல்வெட்டு போன்ற தொன்மையான சான்றுகளில் சொல்லிடை உயிர்க்குறிகள் அருகியே உள்ளன. காலப்போக்கில் அவை பெருகின. ஏசாயாச் சுருளை எழுதியோர் தம் காலத்து வாசகர் எளிதாகப் படிக்கும்பொருட்டு அப்பெருக்கத்தை ஏற்றனர். மசோராவின் முன்னோடிப் படிகளை எழுதியோர் பழைய எழுத்துமுறையைப் பெரிதும் மாற்றாது காத்தனர். அதே முதற்குகையில் கிடைத்த இரண்டாம் ஏசாயாச் சுருள் மசோராவுக்கு மிக நெருங்கியது என்பதால், இவ்விரு போக்குகளும் ஒரே காலத்தில் நிலவியமை தெளிவு. ஆகவே படியின் காலத்தைக் கொண்டு பாடத்தின் காலத்தை அளப்பது பிழையாகும்.

ஏசாயா 40:6 – ஒரு சோதனை

"கூப்பிடு" என ஒரு குரல் சொல்கிறது, "எதைக் கூப்பிடுவது?" என மறுமொழி எழுகிறது, "மாம்சமெல்லாம் புல்" என்பது அதன் விடை. இத்தொடரில் 'சொல்' எனப் பொருள்படும் ஆலெப்-மேம்-ரேஷ் என்னும் வேர் இருமுறை வருகிறது.

முதலிடத்தில் மசோரா ஆலெப்-மேம்-ரேஷ் என மூன்றெழுத்து எழுதி, புள்ளிக்குறிகளால் 'ஓமேர்' (சொல்கிற) எனப் படிக்கிறது. சுருள் ஆலெப்பின்பின் ஒரு வாவ் இடுகிறது. அந்த வாவ் காட்டும் ஓகாரத்தையே மசோராவும் ஒலிக்கிறது. ஒலியும் பொருளும் மாறவில்லை. இது எழுத்துமுறை வேறுபாடு மட்டுமே.

'எல்லாம்' எனப் பொருள்படும் 'கொல்' என்னும் சொல்லிலும் இதுவே நிலை. மசோரா காஃப்-லாமெத் என்றும் சுருள் காஃப்-வாவ்-லாமெத் என்றும் எழுதுகின்றன. ஆனால் இங்கு மசோரா ஒலிப்பது குற்றுயிர் ஒகரம். குற்றுயிர்க்கும் வாவ் இடும் வழக்கம் நிலைமரபில் மிக அரிது, சுருளிலோ இயல்பு. எனவே வாவ் கண்ட இடமெல்லாம் நெட்டுயிர் என்று கொள்ளுதல் இயலாது.

இரண்டாமிடமே சிக்கலானது. மசோரா வாவ்-ஆலெப்-மேம்-ரேஷ் என எழுதி 'வெஆமர்' எனப் படிக்கிறது, பொருள் "என்றான்". சுருளோ வாவ்-ஆலெப்-வாவ்-மேம்-ரேஷ்-ஹே என எழுதுகிறது. இரண்டு எழுத்துகள் மிகுந்துள்ளன. நடுவிலுள்ள வாவ் ஓகாரம் தருகிறது. இறுதி ஹே ஆகார ஈற்றைத் தருகிறது. மசோராவின் 'வெஆமர்' என்னும் ஒலிப்பில் இவ்விரு உயிர்களும் இல்லை. ஆகவே சுருள் வேறு சொல்லைப் படிக்கிறது. பெரும்பாலோர் அதனை 'வாஓம்ரா' எனத் தன்மை வினையாகக் கொண்டு "என்றேன்" எனப் பொருள் கூறுவர். கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பும் இலத்தீன் வுல்காத்தாவும் தன்மை வினையே கொண்டிருத்தல் இதற்கு அரண். உயிர்க்குறியில்லா வடிவமும் 'வாஓமர்' எனத் தன்மையாகப் படிக்க இடந்தருவது என்பதும் நோக்கத்தக்கது. மூல எழுத்துகள் இருபொருட்கும் இடமளித்தன. சுருளும் மசோராப் புள்ளிகளும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியில் அதனைத் தீர்த்தன.

எனினும் சுருளின் தீர்வும் முற்றானதன்று. அதே ஆறெழுத்துகளைப் பெண்பால் வினையெச்சப் பெயராக, "சொல்கிறவள்" எனவும் படிக்கலாம் என்பார் உளர். அவ்வாறாயின் தமிழில் "என்றான்", "என்றேன்" என்பவற்றோடு "என்றாள்" என்பதும் சேரும். நிறையெழுத்து மயக்கத்தைக் குறைக்கும், ஒழிப்பதில்லை.

பகுக்கும் முறை

மேற்கண்ட சோதனையிலிருந்து ஒரு வரிசைமுறை பெறப்படுகிறது. மிகுந்த எழுத்து, மசோரா ஒலிக்கும் உயிரையே காட்டினால் அது எழுத்துமுறை வேறுபாடு. பாடபேதப் பட்டியலில் அதற்கு இடமில்லை. மசோரா ஒலிக்காத உயிரைக் காட்டி, பொருள் மாறாதிருந்தால் அது சொல்வடிவ வேறுபாடு. 'அவன்' எனப் பொருள்படும் 'ஹூ' என்பது சுருளில் சிலவிடங்களில் இறுதி ஹே பெற்று 'ஹூஆ' என நிற்பது இவ்வகை. இதனை எழுத்துமுறை எனக் கருதினால் அக்கால எபிரேயத்தின் வழக்கு ஒன்றை இழந்துவிடுவோம். உயிரும் பொருளும் ஒருங்கே மாறினால் மட்டுமே அது பாடவேறுபாடு.

இம்முறையிற் பிழை நேரும் இடங்கள் இரண்டு. சுருளின் கையெழுத்தில் வாவும் யோதும் பலவிடத்து ஒத்த வடிவின. வாவ் என வாசித்ததை மீண்டும் நிழற்படத்தில் ஒப்பிட வேண்டும். மேலும், சுருள் முழுதும் ஒரே அடர்த்தியில் எழுதப்படவில்லை. 27ஆம் பத்திக்குப் பின்வரும் பிற்பாதியில் நிறையெழுத்து மிகுதி. ஒரு சொல்லின் வடிவத்தை முற்பாதியில் எண்ணி முழுச்சுருளுக்கும் விதியாக்குவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

கொச்சிச் சுருள்

நிலைமரபு உறுதிப்பட்ட பின் நிலைமை எவ்வாறாயிற்று என்பதற்கு இந்தியச் சான்று ஒன்றுண்டு. கிளாடியஸ் புக்கானன் கொச்சி யூதரிடமிருந்து பெற்று இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற செந்நிறத் தோற்சுருள் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அது மோசேயின் ஐந்நூற் சுருள். லேவியராகமமும் உபாகமத்தின் பெரும்பகுதியும் இழந்தது. எஞ்சிய நீளம் ஏறத்தாழ 48 அடி. தாமஸ் யேட்ஸ் அதனை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டு 1812இல் வெளியிட்டார். அவர் கண்ட வேறுபாடுகள் ஏறத்தாழ 40 மட்டுமே. அவையும் பெரும்பாலும் ஓர் எழுத்து மிகுவதும் குறைவதுமே. ஏசாயாச் சுருளிலோ ஒரு பத்தியிலேயே இதனை எட்டும் அளவுக்கு எழுத்து வேறுபாடுகள் காணலாம். இரு நூல்களும் வேறு என்பதால் எண்ணிக்கையை நேருக்கு நேர் நிறுத்த இயலாது. ஆயினும் எழுத்தெண்ணிக் காக்கும் மசோரா ஒழுங்கு பாலஸ்தீனத்திலிருந்து மலையாளக் கரை வரை பரவி நின்றமை புலனாகிறது. அவ்வொழுங்கு ஒலி மாறாத நிறை-குறை வேறுபாட்டையும் பிழையாகவே கருதியது. இருந்தும், நிறையெழுத்து குறையெழுத்துகளில் தாம் வல்லுநரல்லர் எனத் தல்மூத் அறிஞர் ஒப்புக்கொண்ட செய்தி அந்நூலின் கித்துஷீன் பகுதியில் பதிவாகியுள்ளது.

முடிவுரை

ஏசாயாச் சுருளின் மிகையெழுத்துகள், ஒரு வாசகர் அப்பாடத்தை எவ்வாறு ஒலித்தார் என்பதன் பதிவு. மசோராப் புள்ளிகளும் அத்தகைய பதிவே. மூத்த படி என்பதால் சுருளின் ஒலிப்பு தானாகவே மூலமாகிவிடாது; நிலைமரபு என்பதால் மசோராவின் ஒலிப்பும் தானாக மூலமாகாது. 40:6இல் "என்றேன்" என்பதற்கு வலிமை தருவது கூடுதலான இரண்டு எழுத்துகள் மட்டுமன்று. சுருளோடு தொடர்பற்ற மொழிபெயர்ப்புகள் அதனோடு ஒன்றுபடுதலே. பழந்தமிழ்ச் சுவடியில் எகர ஏகாரங்களையும் துணைக்கால் ரகரங்களையும் பிரித்துப் பதிப்போரும், தாம் இடும் குறி ஒவ்வொன்றும் சுவடியில் இருந்ததா, தாம் கொண்ட பொருளால் வந்ததா எனப் பிரித்துக் காட்டுதல் வேண்டும்.