ஆச்சியின் கையெழுத்தில் ஒரு எழுத்துரு

இறந்துபோன ஒருவரின் கையெழுத்தைக் கணினி எழுத்துருவாக மாற்றுவதில் பெரிய சிக்கல் மென்பொருளில் இல்லை. ஃபாண்ட்ஃபோர்ஜ் போன்ற இலவச மென்பொருளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவரிடம் ஒரு தாளை நீட்டி, "அ முதல் ன் வரை எழுதித் தாருங்கள்" என்று கேட்கலாம். இல்லாதவரிடம் கேட்க முடியாது. அவர் எதை எழுதி வைத்துவிட்டுப் போனாரோ அதிலிருந்துதான் எழுத்துகளைப் பொறுக்க வேண்டும்.

திருநெல்வேலியில் வாழ்ந்து மறைந்த என் ஆச்சி விட்டுச்சென்றவை ஒரு சமையல் குறிப்பு நோட்டும், அப்பாவுக்கு எழுதிய இன்லாண்ட் கடிதங்களும்தான். அவற்றைக் கொண்டு எழுத்துரு செய்ய உட்கார்ந்தபோது முதலில் எழுந்த கேள்வி, எத்தனை வடிவங்கள் தேவை என்பது. தமிழில் எழுத்துகள் 247 என்றாலும் அத்தனையையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. கா, சா, தா எல்லாவற்றுக்கும் ஒரே துணைக்கால் போதும். கொம்பும் அப்படியே. ஆனால் கு, சு, து, மு ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகச் சுழிவதால், உகர ஊகார வரிசைக்கு மட்டும் 36 வடிவங்கள் வேண்டும். ஆச்சி கி, கீ எழுதும்போது விசிறியை எழுத்தின் கடைசிக் கோட்டிலிருந்தே கை எடுக்காமல் இழுத்துவிடுவார். ஆகவே அந்த இரண்டு வரிசைகளையும் தனித்தனியே எடுத்தேன். எல்லாம் சேர்த்து நூற்றுக்குச் சற்று மேல் வந்தது.

இவற்றில் பாதிக்கு மேல் சொதி, அவியல், புளிக்குழம்பு குறிப்புகளிலேயே கிடைத்தன. கிடைக்காதவை எதிர்பார்த்த எழுத்துகள்தான். 'ஔ' எங்குமே இல்லை. அவருடைய 'ஒ'வையும் 'ள'வையும் சேர்த்து அதை உருவாக்கினேன். 'ஙு', 'ஙூ' போன்றவை எந்தச் சொல்லிலும் வராதவை என்பதால் அவருடைய 'ங்'கை வைத்து ஒப்புக்குச் செய்துகொண்டேன்.

இன்லாண்ட் கடிதம் வெளிர்நீலம், மையும் நீலம். அப்படியே ஸ்கேன் செய்தால் இரண்டும் கலங்கித் தெரியும். படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளைப் பிரித்து, சிவப்புப் பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தால் நீல மை கறுத்துத் தாளிலிருந்து விலகி நிற்கும். அதற்குப் பிறகுதான் எழுத்தின் விளிம்பைக் கோடாக மாற்றும் வேலை. மை ஊறிய இடங்களில் கணினி நூற்றுக்கணக்கான புள்ளிகளைப் போட்டு விளிம்பைப் பிசிறாக்கிவிடும். வளைவுக்குத் தேவையான சில புள்ளிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்க வேண்டும். ரொம்பவும் நீக்கிவிட்டால் அச்செழுத்துப் போல வழவழப்பாகி ஆச்சி காணாமல் போய்விடுவார். அவருடைய 'ழ'வில் அடிச்சுழி முடியும் இடத்தில் பேனா சற்றுத் தயங்கிய தடம் ஒன்று உண்டு. அதை விட்டு வைத்தேன்.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது 'லை'. கறிவேப்பிலை, வெற்றிலை, இலை என்று நோட்டில் எங்கு பார்த்தாலும் யானைத் தும்பிக்கை போல மேலேறிச் சுழியும் பழைய 'லை'தான். 'ணை', 'ளை', 'னை'யும் அப்படியே. 'ணா', 'றா', 'னா' மூன்றும் துணைக்கால் இல்லாமல் எழுத்தோடு எழுத்தாகச் சுழிந்திருக்கும். பெரியார் தம் இதழில் 1935இலேயே கைவிட்ட இந்த வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் மாற்றி ஆணையிட்டது. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியவற்றையும் சேர்த்தால் மாறியவை 13. அப்போது ஆச்சிக்கு எழுத்து கையில் ஊறிப்போயிருந்தது. கடைசிவரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

யூனிகோடில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் தனித்தனி எண் கிடையாது. இரண்டுமே 'ல'வும் 'ஐ' குறியும்தான். எந்த வடிவத்தில் காட்டுவது என்பதை எழுத்துருவே முடிவுசெய்கிறது. 'ஐ' குறியும் 'ல'வும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு இந்த ஒற்றை வடிவத்தைப் போடு என்று எழுத்துருவுக்குள் ஒரு விதி எழுதினால் போதும். ஒகர, ஓகார வரிசைக்குத் தனியாக வரைய வேண்டியதுகூட இல்லை. 'ணொ' என்பது முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் பழைய 'ணா'வும்தானே. ஆக 13 எழுத்துகளுக்கு ஏழே வடிவங்கள்.

ஆனால் என் தங்கை மகளுக்குப் பழைய 'லை' படிக்க வரவில்லை. அதனால் ஆச்சியின் 'கை'யிலிருந்து 'ஐ' குறியை எடுத்து அவருடைய 'ல'வுக்கு முன்னால் வைத்து ஒரு புதிய 'லை'யும் செய்தேன். வேண்டும்போது மட்டும் அதற்கு மாற்றிக்கொள்ளும் விருப்பத் தேர்வாக வைத்திருக்கிறேன். எழுத்துருவைத் திறந்ததும் வருவது பழைய வடிவம்தான். ஆச்சி எழுதாத எழுத்தை அவர் பெயரில் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

எழுத்துருவைப் போட்டு முதலில் அடித்துப் பார்த்த சொல் 'இஞ்சிப்பச்சடி'. எழுத்தெல்லாம் ஆச்சியுடையது, ஆனால் எழுதியது ஆச்சி இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. காரணம் 'ச்ச'. இரண்டு 'ச'வும் அச்சு அசலாக ஒன்றுபோல நின்றன. கையால் எழுதும் யாரும் அடுத்தடுத்த இரண்டு 'ச'வை ஒரே மாதிரி எழுதுவதில்லை. தமிழில் க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற என வல்லினம் இரட்டிப்பது மிகுதி. மல்லி, அம்மா, கண்ணாடி என மற்ற மெய்களும் இரட்டிக்கின்றன.   நோட்டுக்குத் திரும்பிப்போய் இரட்டித்து வரும் மெய்கள் ஒவ்வொன்றுக்கும் வேறொரு வடிவம் தேடினேன். புள்ளியெழுத்தை அடுத்து அதே மெய் வந்தால் புள்ளியெழுத்துக்கு இந்த மாற்று வடிவத்தைப் போடு என்று இன்னொரு விதி எழுதினேன். அதன் பிறகுதான் 'தேங்காய்ப்பால் கெட்டியாக' என்ற வரி அவர் எழுதியதாகத் தெரிந்தது.

புள்ளிக்கு வேறொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் ஆச்சி பாதிப் புள்ளிகளை வைக்கமாட்டார். வீட்டில் எல்லோரும் இடம் பார்த்துப் படித்துக்கொள்வோம். எழுத்துருவில் அப்படி விட முடியாது. அவர் நிதானமாக எழுதிய கடிதங்களில் புள்ளி, எழுத்தின் தலைக்கு நேரே இல்லாமல் சற்று வலப்பக்கம் தள்ளி விழுகிறது. அதே இடத்தில் வைத்தேன்.

வேலை முடிந்ததா என்று பார்க்க, 'கெ', 'கொ', 'கை' மூன்றையும் அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று முளைத்தாலோ, எழுத்துருவின் விதிகளில் பிழை இருக்கிறது, அல்லது நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கு இந்திய எழுத்துகளை வரிசை மாற்றிக் கோக்கத் தெரியவில்லை. வேறொரு மென்பொருளில் அடித்துப் பார்த்தால் குற்றம் எதனுடையது என்று தெரிந்துவிடும்.

இந்த எழுத்துருவை வெளியில் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒருவரின் கையெழுத்து எழுத்துருவாகிவிட்டால் அவர் எழுதாததையும் அவர் கையில் எழுதிவிடலாம். அத்தைகள் சிலர், பேரன் கல்யாணத்துக்கு ஆச்சி வாழ்த்துவதுபோல ஒரு கடிதம் அடித்துத் தரச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். ஆச்சியின் ஒப்பத்தையும் கடிதங்களின் தலைப்பில் இருந்த பிள்ளையார் சுழியையும் எழுத்துருவில் சேர்க்கவில்லை. மக்கிக்கொண்டிருந்த அவருடைய சமையல் குறிப்புகளை அவர் எழுதியபடியே படியெடுப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோடில்லாத வெள்ளைத் தாளும் கறுப்பு மைப் பேனாவும் கொடுங்கள். எழுத்து அட்டவணையாகக் கேட்டால் பள்ளிப் பிள்ளைபோல விறைப்பாக எழுதுவார்கள். அதனால் ஒரு சமையல் குறிப்பையோ ஊர்க் கதையையோ எழுதச் சொல்லுங்கள். இரட்டிக்கும் மெய்களும் 'ஔவை', 'ஞாயிறு', 'ஊஞ்சல்' போன்ற சொற்களும் எங்காவது வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தாளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வையுங்கள். எழுத்துருவைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.