மாதக் கட்டத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகள்

இடது ஓரத்தில் பழக்கங்களின் பெயர்கள். மேலே 1 முதல் 31 வரை தேதிகள். நடுவில் டிக் போடும் கட்டங்கள். வலது ஓரத்தில் ஒவ்வொரு பழக்கத்துக்கும் இரண்டு எண்கள்: இதுவரை எத்தனை சதவீதம் செய்தோம், இப்போது எத்தனை நாளாக விடாமல் செய்கிறோம். நோட்டிலும் போடலாம், கூகுள் ஷீட்ஸிலும் போடலாம். கட்டம் போடுவது எளிது. அந்த இரண்டு எண்களையும் எப்படிக் கணக்கிடுவது, எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மாதம் பாதி போவதற்குள் தாளைக் கைவிட்டும் விடுகிறார்கள்.

2025 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய தாளில் மூன்று வரிசைகள்: காலையில் 20 நிமிட நடை, இரவில் பத்துப் பக்கம் வாசிப்பு, திங்கள் புதன் வெள்ளி மட்டும் யோகா வகுப்பு. ஜூன் 22 காலையில் தாளைத் திறக்கிறார். நடையில் 6, 13, 20 ஆகிய மூன்று தேதிகள் விடுபட்டிருக்கின்றன. வாசிப்பிலும் மூன்று நாள்தான் விடுபட்டிருக்கிறது, ஆனால் 19, 20, 21 என அடுத்தடுத்து. முடிந்த 21 நாளில் இரண்டிலும் 18 டிக். ஆகவே சதவீதமும் இரண்டுக்கும் ஒன்றே, 86.

தொடர்ச்சி எண் வேறு கதை சொல்கிறது. நடைக்கு 1, வாசிப்புக்கு 0. இரண்டுமே மோசமாகத் தெரிகின்றன. கூடவே மாதத்தின் மிக நீண்ட தொடர்ச்சியையும் எழுதி வைத்திருந்தால் நடைக்கு 6, வாசிப்புக்கு 18 என்று வரும். 18 நாள் ஓடிய வாசிப்பு திடீரென்று நின்றுபோயிருக்கிறது. நடையோ நிற்கவே இல்லை, இடையிடையே ஒரு நாள் தவறுகிறது, அவ்வளவுதான். எந்த நாள் என்று நாள்காட்டியைப் பார்த்தால், மூன்றும் வெள்ளிக்கிழமை. யோகா வகுப்பு இருக்கும் திங்களிலும் புதனிலும் அவர் நடந்திருக்கிறார். எனவே தடை வகுப்பு அல்ல, வெள்ளிக்கிழமைக் காலைக்கே உரிய வேறு ஏதோ ஒன்று. இதைச் சதவீதமும் சொல்லாது, தொடர்ச்சியும் சொல்லாது. காலியான கட்டங்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்தால்தான் தெரியும். என்னைக் கேட்டால், இந்தத் தாளைப் போடுவதற்கே அதுதான் காரணம்.

காலிக் கட்டங்களை நம்பிப் படிக்க வேண்டுமானால், எது காலி என்பதில் முதலில் தெளிவு வேண்டும். யோகா வரிசையைப் பாருங்கள். அந்த ஜூனில் திங்கள், புதன், வெள்ளி மொத்தம் 13. ஒரு வகுப்பும் தவறாமல் போனாலும், 30 நாளால் வகுத்தால் 43 சதவீதம்தான் வரும். தொடர்ச்சியும் ஒன்றைத் தாண்டாது. முழுமையாகச் செய்தவருக்குப் பாதிகூடச் செய்யாதவர் என்ற பட்டம்! இதற்குத் தீர்வு, வகுப்பு இல்லாத நாள்களில் டிக் பெட்டியே வைக்காமல் இருப்பது. கூகுள் ஷீட்ஸில் Insert மெனுவில் உள்ள Checkbox மூலம் வைக்கும் பெட்டி, டிக் போட்டால் TRUE, போடாவிட்டால் FALSE என்ற மதிப்பைக் கொண்டிருக்கும். பெட்டியே இல்லாத கட்டத்தில் இரண்டும் இல்லை. இந்த மூன்று நிலைகளையும் பிரித்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும்.

ஆண்டும் மாதமும் சேர்ந்த முழுத் தேதிகள் B2 முதல் AF2 வரை, முதல் பழக்கம் 3-ஆம் வரிசையில் என்று வைத்துக்கொண்டால், சதவீதத்துக்கான ஃபார்முலா இது:

```
=COUNTIF(B3:AF3,TRUE)/(COUNTIF(B3:AF3,TRUE)+COUNTIFS(B3:AF3,FALSE,B$2:AF$2,"<"&TODAY()))
```

டிக் போட்டவற்றை, டிக் போட்டவையும் நேற்றுவரை தவறியவையும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்கிறது. வராத நாள்கள் கணக்கில் சேராது. இன்னும் முடியாத இன்றைய நாளும் குறையாக எண்ணப்படாது. மாதம் தொடங்கும்போதே 30-ஆல் வகுக்கும் தாள்கள் நிறைய உண்டு. அவற்றில் 5-ஆம் தேதிவரை ஒன்றுவிடாமல் செய்தவருக்கும் 17 சதவீதம் என்றுதான் காட்டும். முதல் தேதியில் டிக் போடும்வரை நம் ஃபார்முலாவில் பிழைச் செய்தி தெரியும். பூஜ்யத்தால் வகுப்பதால் வருவது அது, முதல் டிக் விழுந்ததும் போய்விடும்.

தொடர்ச்சியைக் கணக்கிட டிக்குகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. கடைசியாகத் தவறிய தேதியைக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகு விழுந்த டிக்குகளை எண்ணினால் போதும்.

```
=COUNTIFS(B3:AF3,TRUE,B$2:AF$2,">"&MAXIFS(B$2:AF$2,B3:AF3,FALSE,B$2:AF$2,"<"&TODAY()))
```

நோட்டில் எழுதுபவர்களுக்கும் இதே வழிதான்: வலமிருந்து இடமாக வந்து, முதல் தவறலில் நிறுத்துங்கள். கணினியில் செய்பவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். வேறொருவர் உருவாக்கிய தாளை நகலெடுத்திருந்தால், அதன் நேர மண்டலம் அவருடைய ஊருக்கு உரியதாக இருக்கலாம். ஜூன் மாதத்தில் கலிபோர்னியா நேரத்தில் இருக்கும் தாளுக்கு, நமக்கு மதியம் 12.30 ஆகும்போதுதான் நாள் மாறும். நேற்றைய தவறல் காலை முழுவதும் கணக்கில் ஏறாமல் இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். File மெனுவின் Settings பகுதியில் மாற்றிவிடலாம்.

தவறலைக் குறிக்கும் முறை பழையது. பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் ஒரு சிறு நோட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். 13 நற்குணங்களுக்கு 13 வரிசை, வாரத்தின் 7 நாளுக்கு 7 பத்தி. செய்ததற்கு அல்ல, தவறியதற்கே அவர் கரும்புள்ளி வைத்தார். தவறல் எங்கே என்பதுதான் அவருடைய கண்ணுக்கு முதலில் படும்.

தொடர்ச்சி எண்ணை நான் சதவீதத்துக்குக் கீழேதான் வைப்பேன். அதற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் தவறினாலும் அது பூஜ்யம், பத்து நாள் தவறினாலும் பூஜ்யம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு செயல் தானாகவே நடக்கும் நிலையை எட்ட நடுவளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. இடையில் ஒரு முறை தவறியது அந்த வளர்ச்சியைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. அப்படியென்றால் நம் நடைக்காரரின் 6-ஆம் தேதி வெறுமை பெரிய இழப்பல்ல. அன்றே தொடர்ச்சி பூஜ்யமாகிவிட்டதைப் பார்த்து அவர் தாளை மூடியிருந்தால் அதுதான் இழப்பு. அந்த 66 நாள் இன்னொன்றையும் காட்டுகிறது: ஒரு மாதத் தாள் போதாது, குறைந்தது இரண்டு மூன்று தாள்களைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் புதுத் தாளில் எல்லாத் தொடர்ச்சியும் பூஜ்யத்தில் தொடங்கும். பெயருக்கு அடுத்து இன்னொரு பத்தி சேர்த்து ஜூன் 30-இன் தொடர்ச்சியை அதில் எழுதிக்கொள்ளலாம். ஜூலையில் முதல் தவறல் விழும்வரை அதையும் கூட்டிப் படிக்க வேண்டும், விழுந்த பிறகு விட்டுவிட வேண்டும். நம் ஆள் ஜூலைத் தாளை நிரப்பும்போது எடுக்க வேண்டிய முடிவு இரண்டுதான். வெள்ளிக்கிழமை நடையை மாலைக்கு மாற்றலாம், முடியாதென்றால் அந்த நான்கு வெள்ளிக்கும் பெட்டியையே எடுத்துவிடலாம். வாசிப்பு விஷயத்தில் எந்தப் பெட்டியையும் எடுக்கக் கூடாது. ஜூன் 19 இரவு என்ன மாறியது என்று யோசித்து, மாறியது இன்னும் நீடித்தால் பத்துப் பக்கத்தை இரண்டு பக்கமாகக் குறைத்து வரிசையின் பெயரிலேயே எழுதிவிட வேண்டும்.