மாத்திரையும் வேளையும்

கருவுற்ற பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழங்கப்படும் மாத்திரைகளுள் நாள்தோறும் உட்கொள்ள வேண்டியவை இருவகைப்படும். சிவப்பு நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. மற்றொன்று 500 மில்லிகிராம் கால்சியத்துடன் சிறிதளவு வைட்டமின் டி சேர்ந்தது. பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் தரப்படும் நீலநிற மாத்திரைக்கும் இச்சிவப்பு மாத்திரைக்கும் நிறத்தில்தான் வேறுபாடு. உள்ளிருக்கும் சத்தின் அளவு ஒன்றே. பள்ளியில் வாரம் ஒன்றாக இருப்பது, கருவுற்ற காலத்தில் நாள் ஒன்றாக உயர்கிறது. நான்காம் மாதம் தொடங்கிக் குறைந்தது 180 நாள்களும், குழந்தை பிறந்தபின் மேலும் 180 நாள்களும் அதனை உட்கொள்ள வேண்டும். கால்சிய மாத்திரை நாளுக்கு இரண்டு.

இவற்றுக்கு முன்பே, முதல் மூன்று மாதங்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் தனியாகத் தரப்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு. மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழாய், கரு உருவாகி ஏறத்தாழ 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. அப்போது ஃபோலிக் அமிலம் குறைந்தால் குழாய் முழுமையாக மூடாமல் போகும் வாய்ப்பு மிகுகிறது. பெண்கள் பலர் தாம் கருவுற்றிருப்பதை உணர்வதே அந்நாள்களை ஒட்டித்தான். ஆகவே குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் பெண், கருவுறுவதற்கு முன்பே நாளுக்கு 400 மைக்ரோகிராம் உட்கொள்ளத் தொடங்குவது நல்லது என்பர் மருத்துவர்.

இந்தச் சத்து கண்டறியப்பட்ட வரலாற்றில் இந்தியாவுக்குப் பங்குண்டு. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், நெசவாலைகளில் உழைத்த கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட ஒருவகைக் கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும் அவர் பணி தொடர்ந்தது. ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்பட்ட சாறு அந்நோயைத் தீர்ப்பதை அவர் 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த சத்து இன்னதென்பது அப்போது விளங்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின்னர்க் கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டபோது, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

இரும்பின் தேவை வேறு வகையானது. கருவுற்ற காலத்தில் தாயின் குருதியளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. பெருகும் குருதிக்கும், வளரும் கருவுக்கும், நஞ்சுக்கொடிக்கும், மகப்பேற்றின்போது இழக்கப்படும் குருதிக்கும் சேர்த்து ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. அதில் பெரும்பகுதி பிற்பாதி மாதங்களில் வேண்டியது. உடலில் முன்னரே போதிய சேமிப்பு இல்லாத பெண், உணவால் மட்டும் அதனை ஈடுசெய்வது அரிது. இரத்தச்சோகையுள்ள தாய்க்கு மகப்பேற்றின்போது சற்று மிகுதியாகக் குருதி வெளியேறினாலும் அதைத் தாங்கும் வலிமை இராது. கால்சியமோ குழந்தையின் எலும்புக்கு மட்டும் உரியதன்று. உணவில் அது குறைவாக உள்ள பெண்களுக்குப் பேறுகாலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து வலிப்பு வரை செல்லும் கேட்டினையும் அது குறைக்கிறது.

ஒன்றாக விழுங்குவதால் வரும் கேடு

இம்மாத்திரைகளைத் தவறாமல் வாங்கிச் செல்லும் பெண்ணுக்கும் பயன் கிட்டாமற் போவதுண்டு. விசைத்தறிக் கூடமொன்றில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நான்காம் மாதத்தில் அவளது ஹீமோகுளோபின் 11.1 கிராம். 11 கிராமுக்குக் குறைந்தால்தான் இரத்தச்சோகை என்பதால், நாளுக்கு ஒரு சிவப்பு மாத்திரையும் இரண்டு கால்சிய மாத்திரைகளும் தரப்பட்டன. ஆறாம் மாதச் சோதனையில் அளவு 10.2 ஆக இறங்கியிருந்தது.

குருதியில் நீர்ப்பகுதி மிகுவதால் அந்நாள்களில் சிறு இறக்கம் இயல்பே. ஆயினும் கிராம சுகாதார செவிலியர் அதோடு அமையாமல் வீட்டுக்குச் சென்று அட்டைகளை எண்ணிப் பார்த்தார். அம்மாதத்திற்குரிய 30 சிவப்பு மாத்திரைகளில் 19 மீதமிருந்தன. மலத்தின் நிறத்தையும் கேட்டார். இரும்பு மாத்திரை உட்கொள்வோருக்கு மலம் கறுத்துப் போவது வழக்கம். நிறம் மாறவில்லை என்றால் மாத்திரை வயிற்றுக்குள் செல்லவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். எண்ணிக்கையைவிட இவ்வினாவே உண்மையை விரைவில் வெளிக்கொணர்கிறது.

முதல் பத்து நாள்கள் அவள் ஒழுங்காகவே உட்கொண்டிருந்தாள். காலையில் காப்பி குடித்த கையோடு சிவப்பு மாத்திரையையும் கால்சிய மாத்திரையையும் ஒருசேர விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவாள். குமட்டியது. மலம் கறுத்தது கண்டு அஞ்சினாள். பின்னர் மூன்று நாள்கள் மலம் கழிக்க இயலாமல் வருந்தினாள். மாத்திரை சூடு என்றும், குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்றும் அக்கம்பக்கத்தார் கூறினர். மலத்தின் நிறத்திற்கும் குழந்தையின் நிறத்திற்கும் தொடர்பில்லை. ஆனால் அச்சம் காரணம் கேட்பதில்லை. அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

அவள் உட்கொண்ட அந்தப் பத்து நாள்களிலும் இரும்பு முழுமையாகப் பயன்பட்டிருக்காது. இரும்பு சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. அது கரைந்து உறிஞ்சப்படுவதற்கு இரைப்பையின் அமிலம் துணைசெய்கிறது. கால்சிய மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது அமிலத்தின் கூர்மையைத் தணிப்பதோடு, இரும்பு குடற்சுவரைக் கடப்பதையும் தடுக்கிறது. காப்பி, தேநீர் ஆகியவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு பிணைந்து அதனை உடலுக்குப் பயன்படாதவாறு செய்துவிடுகின்றன. இவ்வகையில் தேநீர் காப்பியைவிடக் கொடிது.

ஆகவே இரும்புக்கும் கால்சியத்திற்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். கால்சியம் கார்பனேட்டை உணவுக்குப் பின் உட்கொள்வது நன்று. உணவின்போது சுரக்கும் அமிலம் அதனைக் கரைக்கும். ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால் உறிஞ்சப்படும் விகிதம் குறைவதால்தான் அது இரு வேளையாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரும்பு மாத்திரைக்கோ உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும், இரண்டு மணி நேரம் பின்பும் ஏற்ற வேளைகள்.

10.2 கிராம் என்பது இலேசான இரத்தச்சோகை ஆதலால், மருத்துவர் அவளுக்குச் சிவப்பு மாத்திரையை நாளுக்கு இரண்டாக உயர்த்தினார். நான்கு மாத்திரைகளையும் ஒரு நாளில் எவ்வாறு அமைப்பது? செவிலியர் அவளது வேலை நேரத்தைக் கேட்டு ஒழுங்குசெய்தார். காலை ஆறரை மணிக்குக் காப்பி. எட்டரை மணிக்குச் சிற்றுண்டி, உடன் கால்சியம். பதினொரு மணிக்குத் தறிக்கூடத்தின் இடைவேளையில், எலுமிச்சை பிழிந்த நீருடன் முதல் சிவப்பு மாத்திரை. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதை மிகுவிக்கிறது. ஒன்றரை மணிக்கு மதிய உணவு. நான்கு மணிக்கு வேண்டுமாயின் தேநீர். இரவு ஏழரை மணி உணவுக்குப் பின் இரண்டாம் கால்சியம். பத்து மணிக்குப் படுக்கப் போகுமுன் இரண்டாம் சிவப்பு மாத்திரை. உறக்கத்தில் குமட்டல் பெரும்பாலும் தெரிவதில்லை என்பதால் இரவு வேளை பலருக்கு ஒத்துவருகிறது. வெறும் வயிற்றில் குமட்டல் தாங்க முடியாதவர் சிறிதளவு உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். உறிஞ்சப்படும் அளவு சற்றுக் குறையும். நிறுத்திவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மலச்சிக்கலைத் தணித்தல்

வேளையை மாற்றியதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. கருவுற்ற காலத்தில் மிகும் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு, குடலின் அசைவை மந்தமாக்குகிறது. மெதுவாக நகரும் மலத்திலிருந்து பெருங்குடல் மேலும் நீரை இழுத்துக்கொள்ள, மலம் இறுகுகிறது. விழுங்கிய இரும்பில் ஒரு சிறு பகுதியே உடலில் சேர்வதால், குடலில் தங்கும் எஞ்சிய பகுதி அந்நிலையை வளர்க்கிறது. கால்சியமும் தன் பங்கிற்கு இறுக்குகிறது. பழியனைத்தையும் சிவப்பு மாத்திரையே சுமப்பது முறையன்று.

இறுகிய மலத்திற்கு வேண்டியவை நீரும் நார்ச்சத்தும். நாளுக்கு எட்டு முதல் பத்துக் குவளை நீர் தேவை. சொல்வது எளிது, கழிப்பறை வசதியற்ற இடங்களில் வேலை செய்யும் பெண்கள் சிறுநீரை அடக்குவதற்காகவே நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கின்றனர். இப்பெண்ணும் அப்படியே செய்துவந்தாள். மேற்பார்வையாளரிடம் பேசி, அருகிலிருந்த வீட்டின் கழிப்பறையைப் பயன்படுத்த ஏற்பாடான பின்னரே அவளது நீர்க்குடம் காலியாகத் தொடங்கியது.

உணவில் கீரை, அவரை, வாழைத்தண்டு, முழுப்பயறு, கொய்யா, கம்பு ஆகியவை நார்ச்சத்து மிக்கவை. இவற்றை ஒரே நாளில் மிகுவித்தால் வயிறு உப்பும். சிறிது சிறிதாகக் கூட்டுவதே ஏற்றது. காலையுணவுக்குப் பின் பெருங்குடல் தானே அசையும். அவ்வேளையில் உந்துதல் தோன்றினால் அடக்காமல் செல்ல வேண்டும். மாலையில் அரைமணி நடை உதவும். இவற்றால் தணியாதபோது, மருத்துவரிடம் கேட்டு இசப்கோல் உமியை ஒரு குவளை நிறைய நீரில் கலந்து அருந்தலாம். போதிய நீரின்றி உண்டால் அவ்வுமியே குடலில் இறுகிவிடும்.

வீட்டு மருந்தாகப் பலர் நாடும் விளக்கெண்ணெயும் நிலாவாகைப் பொடியும் இங்குப் பொருந்தா. விளக்கெண்ணெய் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடும். கடும் பேதி உடலின் நீரை இழக்கச் செய்யும். மலத்தில் சிவந்த குருதி காணப்பட்டாலோ, கருமையோடு தார்போல் ஒட்டும் தன்மையும் கடும் நாற்றமும் இருந்தாலோ, அது மாத்திரையின் நிறமென்று வாளாவிருத்தல் கூடாது; மருத்துவரிடம் உடனே கூற வேண்டும்.

நான்கு வாரங்களுக்குப் பின் அப்பெண்ணின் ஹீமோகுளோபின் 11.3 கிராம். ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறாவிடில், மாத்திரை உட்கொள்ளப்படவில்லை அல்லது இரத்தச்சோகைக்கு வேறு காரணம் உண்டு என்று கருதி மேல்சிகிச்சைக்கு அனுப்புவர். அவளுக்கு அத்தேவை எழவில்லை. இதற்கிடையே செவிலியர் மற்றொன்றையும் கண்டார். அலமாரியின் கீழ்த்தட்டில், அவளது மூன்று வயது மகனின் கைக்கெட்டும் இடத்தில் அட்டைகள் கிடந்தன. சர்க்கரைப் பூச்சுடைய சிவப்பு மாத்திரை குழந்தைக்கு மிட்டாய்போல் தோன்றும்; சில மாத்திரைகளை ஒருசேர விழுங்கினாலே இரும்பு நஞ்சாகி உயிருக்கு இடர் விளைவிக்கும். அன்றே அவை மேல்தட்டிலிருந்த மூடியுடைய பெட்டிக்கு மாறின.