கடம்பூர் சதியைத் தேடி ஒரு கணினி விளையாட்டு

‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் முடித்த கையோடு, அதே உணர்வைத் தரும் கணினி விளையாட்டைத் தேடும் வாசகர்கள் உண்டு. சோழர் வரும் விளையாட்டு வேண்டுமென்றால் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ இருக்கிறது. 2022-ல் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ தொகுப்பில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளையே ஆடலாம். ஆனால் அதில் வேலையெல்லாம் மரம் வெட்டுவதும் படை திரட்டுவதும்தான். கல்கியின் கதையில் நம்மைக் கட்டிப்போட்டது போர் அல்ல. அடுத்து யார் அரியணை ஏறுவார், யாரை நம்பலாம் என்ற தவிப்பு அது.

அந்தத் தவிப்பைத் தருவது ‘க்ரூசேடர் கிங்ஸ் 3’. 2020-ல் வந்த இந்த விளையாட்டில் நாம் ஆள்வது ஒரு நாட்டை மட்டுமல்ல, ஒரு குடும்பத்தையும்தான். அரசர் இறந்தால் வாரிசாக ஆட்டத்தைத் தொடர்வோம். தொடக்கத்தில் பெரும்பாலான அரசுகளில் நிலம் பிள்ளைகளுக்குள் பங்காகிவிடும். அதனால் அண்ணன் தம்பி பகை தானாகவே முளைக்கும்.

ஓர் உதாரணம். உங்கள் ஒற்றர் தலைவரை அரண்மனை ரகசியங்களைத் துழாவச் சொல்கிறீர்கள். ஒரு சிற்றரசர் செய்த கொலை தெரியவருகிறது. அதை வெளியே சொல்லாமல் மிரட்டினால் அவர் குடுமி உங்கள் கையில். இனி அவர் உங்களுக்கு எதிரான கூட்டணியில் சேர முடியாது. ஆனால் உங்கள் அரசர் இளகிய மனம் கொண்டவராக இருந்து, ஒரு கைதிக்கு மரண தண்டனை தந்தால் அவருடைய மன அழுத்தம் ஏறும். அது எல்லை மீறினால் அவர் நிலைகுலைந்துபோவார். இங்கே குணத்துக்கு மாறாக நடப்பதற்கு ஒரு விலை உண்டு. கல்கியின் பாத்திரங்களைப் போல இவர்களும் மனிதர்களாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

வந்தியத்தேவனைப் போல ஊர் ஊராகக் குதிரையில் திரிய ஆசையா? 2024-ல் வெளியான ‘ரோட்ஸ் டு பவர்’ என்ற கூடுதல் தொகுப்பை வாங்கினால், நிலமில்லாத வீரராகக் கூடாரம் அடித்து, பிரபுக்கள் தரும் வேலைகளைச் செய்து திரியலாம். இதற்குத் தனியே பணம் கட்ட வேண்டும்.

சில குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் தொடங்கும் முக்கிய ஆண்டுகள் 867, 1066. ஒன்று சுந்தர சோழருக்கு வெகு முன்பு, மற்றது வெகு பின்பு. குந்தவையையோ நந்தினியையோ இங்கே எதிர்பார்க்கக் கூடாது. தமிழில் ஆட முடியாது, ஆங்கிலத்தில் நிறைய வாசிக்க வேண்டியிருக்கும். எடுத்த எடுப்பில் சோழ நாட்டைத் தொடாமல், அயர்லாந்தில் நடக்கும் பயிற்சி ஆட்டத்தை முடித்துவிட்டு வருவது நல்லது.

சில மணி நேரம் ஆடிய பிறகும் வரியும் படைக்கணக்கும் மட்டுமே மனதில் நின்றால் இது உங்களுக்கான விளையாட்டு அல்ல. “சித்தப்பா ஏன் திடீரென்று இவ்வளவு அன்பாகப் பேசுகிறார்?” என்று சந்தேகம் வந்துவிட்டால், நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது.