பால் அல்லாத கிரீமரில் பால் புரதம்

பால் அல்லாத கிரீமர் என்ற பெயரில் விற்கும் வெள்ளைப் பொடியில் பெரும்பங்கு, மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து எடுத்து உலர்த்திய சர்க்கரைப் பாகுதான். அடுத்த இடம் தேங்காய் எண்ணெய், செம்பனைக் கொட்டை எண்ணெய் போன்ற கெட்டிக் கொழுப்புக்கு. கட்டிதட்டாமல் இருக்கவும் மணத்துக்கும் இன்னும் சில பொருள்கள் சிறிதளவு சேர்கின்றன.

எண்ணெயை வெந்நீரில் ஊற்றினால் அது மேலே மிதக்கும். காப்பி வெளுக்க வேண்டுமானால் அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உடைந்து, மறுபடி ஒன்று சேராமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு துளியையும் மெல்லிய உறையாகச் சூழ்ந்து பிரித்து வைக்கும் வேலையைப் பெரும்பாலான பொடிகளில் செய்வது சோடியம் கேசினேட். இது பாலின் முக்கியப் புரதமான கேசீன்தான். கொழுப்பு நீக்கிய பாலில் அமிலம் சேர்த்துக் கேசீனைத் திரித்து, கழுவி, சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து உலர்த்தினால் இது கிடைக்கும். பால் சர்க்கரையான லாக்டோஸ் திரிந்த நீரோடும் கழுவிய நீரோடும் போய்விடும், புரதம் தங்கிவிடும்.

காப்பியின் புளிப்பில் இந்தப் புரதமும் திரியக்கூடும். அதைத் தடுக்கவே பொட்டாசியம் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். அப்படியும் புளிப்பு மிகுந்த காப்பியிலோ உப்புத் தண்ணீரிலோ சில சமயம் மேலே வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். பொடி கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

கேசினேட் நூற்றில் மூன்று பங்கு இருப்பதாகக் கொண்டால், 5 கிராம் பொடியில் 150 மில்லிகிராம் பால் புரதம் இருக்கும். ஒரு தேக்கரண்டிப் பசும்பாலில் இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு இதனால் பொதுவாகத் தொல்லை இல்லை. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களின் நிலை வேறு. கேசீன் சூடு தாங்கும் புரதம் என்பதால் கொதிக்கும் காப்பியும் அவர்களைக் காப்பாற்றாது.

பிறகு ஏன் 'பால் அல்லாத' என்ற பெயர்? அமெரிக்க விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் பொருள் பட்டியலில் கேசினேட்டை அடுத்து, அது பாலிலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும். முன்பக்கம் மறுப்பதைப் பின்பக்கம் ஒப்புக்கொள்ளும் வினோத ஏற்பாடு இது. யூதர்களின் உணவு விதி இன்னும் கறார்: கேசினேட் இருந்தால் அது பால் பண்டம்தான், இறைச்சியோடு சேர்க்கக் கூடாது.

இந்தியக் கடைகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே 'டெய்ரி ஒயிட்னர்' என்று விற்பது முழுக்கப் பால் பொடியும் சர்க்கரையும். கிரீமரோடு அதற்கு உறவில்லை. பொட்டலத்திலுள்ள பச்சைப் புள்ளியும் இதில் உதவாது. சைவ உணவில் பாலுக்கு இடம் உண்டு என்பதால், அந்தப் புள்ளி பால் இல்லை என்று உறுதி சொல்வதில்லை. பார்க்க வேண்டியது பொருள் பட்டியலையும் அதனடியில் உள்ள ஒவ்வாமைக் குறிப்பையும்தான். கேசின், கேசினேட், பால் திடப்பொருள், மோர்ப்புரதம் இவற்றில் எது இருந்தாலும் பால் புரதம் இருக்கிறது. கேசினேட்டுக்குப் பதில் சோயா அல்லது பட்டாணிப் புரதமோ, மாற்றியமைத்த மாவுச்சத்தோ சேர்த்த கிரீமர்களும் வருகின்றன.