நீளமான இதழ் காட்டாத காற்று

ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலை நிறுவ வருபவர்கள் முதலில் கேட்பது ஒரு வட்டப் படத்தைத்தான். நடுவிலிருந்து பல திசைகளுக்கும் வண்ண இதழ்கள் விரிந்திருக்கும் அந்தப் படத்துக்கு 'விண்ட் ரோஸ்' என்று பெயர். ஓர் இடத்தில் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் காற்று வீசியது என்ற கணக்கு முழுவதும் அதில் அடங்கிவிடும்.

மேற்குப் பக்கம் நீளும் இதழைப் பார்த்து, காற்று மேற்கு நோக்கிப் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கிலிருந்து வருகிறது என்பதே பொருள். நம் மேல்காற்றுதான் அது. இதழின் நீளம் நேரத்தைக் காட்டும். நடுவைச் சுற்றியுள்ள வளையங்களில் 10%, 20% என்று எழுதியிருக்கும். இதழ் 20% வளையத்தைத் தொட்டால், அளந்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அத்திசையிலிருந்து காற்று வந்திருக்கிறது. வேகத்தைச் சொல்வது இதழுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் வண்ணங்கள்.

பலரும் நீளத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். காற்றின் ஆற்றலோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். கணக்குக்காக ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். வடகிழக்கு இதழ் 30% நீளம், காற்று வினாடிக்கு 4 மீட்டர். மேற்கு இதழ் 20%தான், ஆனால் 8 மீட்டர். நான்கின் மும்மடி 64, அதை முப்பதால் பெருக்கினால் 1,920. எட்டின் மும்மடி 512, இருபதால் பெருக்கினால் 10,240. குட்டை இதழில் ஐந்து மடங்குக்கும் மேல் ஆற்றல் இருக்கிறது! இயந்திரம் தன் முழுத் திறனை எட்டிய பிறகு வேகம் கூடினாலும் மின்சாரம் கூடாது என்பதால், இந்தக் கணக்கு நடுத்தர வேகங்களுக்கே பொருந்தும். சுமார் 3 மீட்டருக்குக் கீழே இறக்கைகள் மின்சாரம் தரும் அளவுக்குச் சுற்றாது. அந்த வண்ணம் எவ்வளவு நீண்டாலும் பயனில்லை.

இதைத் தவறாகப் படித்தால் நிலத்தில் கோபுரங்களே இடம் மாறி நிற்கும். வலுவான காற்று வரும் திசையில் ஒரு கோபுரத்துக்குப் பின்னால் அடுத்ததை இறக்கை வட்ட விட்டத்தைப்போல் 7 மடங்கு தள்ளியும், பக்கவாட்டில் 5 மடங்கு தள்ளியும் வைப்பது பரவலான வழக்கம். முன்நிற்பது காற்றைக் கலக்கிவிட, பின்நிற்பதற்குத் தளர்ந்த காற்றே மிஞ்சுகிறது. வடகிழக்கை நம்பி வரிசை போட்டால், மேல்காற்று காலத்தில் ஒன்றின் நிழலில் மற்றொன்று ஏமாந்து நிற்கும்.

படமும் தவறலாம். திசைகாட்டியைக் கம்பத்தில் பொருத்தும்போது சற்றே திருகியிருந்தால் எல்லா இதழ்களும் அதே அளவு திரும்பிவிடும். தென்மேற்குப் பருவத்தில் மட்டும் அளந்த படத்தில் வடகிழக்குக் காற்று காணாமலே போகும். ஆகவே யாராவது உங்களிடம் இந்தப் படத்தை நீட்டினால், இதழ்களைப் பார்க்கும் முன் எந்த மாதங்களில், தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் அளந்தது என்று கேளுங்கள்.