கடலோரக் கடை – 9: ‘நோ ரிட்டர்ன்’ என்று எழுதினால் போதுமா?

சென்ற வாரம் கருவாட்டுப் பொட்டலத்தைக் காற்றுப் புகாமல் கட்டுவதைப் பார்த்தோம். இந்த வாரம், அந்தப் பொட்டலத்தோடு போகிற வார்த்தைகளைப் பார்ப்போம்.

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் கருவாடு விற்கிறவர்கள், ‘3 நாளில் டெலிவரி. நோ ரிட்டர்ன். 100% தரம்’ என்று மூன்று வரியோடு முடித்துவிடுவதுண்டு. சண்டைக்கு வழி விடுவது இந்த மூன்று வரிதான்.

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். புனேயில் இருப்பவர் சனிக்கிழமை இரவு அரைக் கிலோ நெத்திலிக்குப் பணம் அனுப்புகிறார் என்று வையுங்கள். ஞாயிறு கூரியர் கிடையாது. திங்கள் எடை போட்டுக் கட்டி, மாலையில் புக் செய்கிறீர்கள். உங்கள் கணக்கில் மூன்று நாள் என்பது வியாழன். பணம் அனுப்பியவர் கணக்கில் செவ்வாய். புதன்கிழமை காலை அவர் கோபமாக மெசேஜ் போட்டால் அதில் தப்பே இல்லை. எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லவில்லை.

ஆகவே கட்டி அனுப்பும் நாளையும் வழியில் ஆகும் நாளையும் பிரித்து எழுதுங்கள். ‘பணம் வந்ததிலிருந்து 2 வேலை நாளுக்குள் அனுப்புவோம். அனுப்பிய பிறகு தமிழ்நாட்டுக்குள் 2 முதல் 4 நாள், வெளி மாநிலம் 5 முதல் 8 நாள். ஞாயிறும் அரசு விடுமுறையும் சேராது.’ எண்கள் உங்கள் பழைய கூரியர் ரசீதுகளிலிருந்து வரவேண்டும். அவற்றில் மிகத் தாமதமாகப் போய்ச் சேர்ந்த பார்சலைப் பார்த்துப் பெரிய எண்ணைப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் கிடைக்காது. இந்த மாதங்களுக்கு வேறு வரி வேண்டும்: ‘இருப்பு இருந்தால் மட்டும் ஆர்டர் எடுப்போம், அனுப்ப 5 வேலை நாள் ஆகலாம்.’

இதில் அக்கறை காட்டச் சட்டக் காரணமும் உண்டு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, சொன்ன தேதிக்குப் பிறகு போய்ச் சேர்ந்த பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. புயல் போன்ற கைமீறிய காரணம் இருந்தால் தவிர. நீங்கள் எழுதிய நாளே உங்களை அளக்கும் கோல். ஆசைக்குக் குறைத்து எழுதிய ‘3 நாள்’ உங்கள் மீதே திரும்பும்.

‘நோ ரிட்டர்ன்’ என்பதும் அப்படித்தான். பழுதான பொருளுக்கும், சொன்னபடி இல்லாத பொருளுக்கும் அந்த வரி செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, குறையுள்ள பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைப் பில்லில் எழுதிய காலத்துக்குள் தரவேண்டும். எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள். மறுத்தால் அது முறையற்ற வணிகம். நியாயமான கெடுவை நீங்களே எழுதிக்கொள்வது நல்லது.

கருவாட்டில் எது குறை, எது குறையில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். வெளியூர்க்காரர் மேலே வெள்ளையாகப் பூத்த உப்பைப் பூஞ்சை என்று நினைத்துப் படம் எடுத்து அனுப்புவார். உப்பு நறநறவென்று இருக்கும், தண்ணீரில் கரையும். பஞ்சு போலப் படர்ந்தாலோ, பச்சை, கருப்புப் புள்ளி விழுந்தாலோ பூஞ்சை. இளஞ்சிவப்பாக மாறி வழவழத்தால், உப்பிலும் வளரும் பாக்டீரியா. இதையே வரியாக்குங்கள்: ‘வெள்ளை உப்புப் படிவு இயல்பானது. பூஞ்சை, சிவப்பு நிறம், வழவழப்பு, கிழிந்த பாக்கெட், வேறு வகை மீன் வந்தால் பார்சல் கிடைத்த 3 நாளுக்குள் லேபிள் தெரியும்படி படம் அனுப்புங்கள். பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். 5 வேலை நாளில் முழுப் பணமும் தருவோம். வாசம் பிடிக்கவில்லை என்பதற்குப் பணம் திரும்பாது.’ கெட்ட கருவாட்டைத் திருப்பி வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? கூரியர் செலவாவது மிஞ்சும்.

மூன்றாவது வரி ‘100% தரம்’. உணவுக்கு வாரண்டி என்ற பேச்சு பொருந்தாது. கட்டிய தேதியும், எந்தத் தேதி வரை, எப்படி வைத்து உண்ணலாம் என்பதும்தான் இங்கே உறுதிமொழி. வாரண்டி என்ற சொல் ராமேஸ்வரத்துச் சிப்பி விளக்குக்குத்தான் வேண்டும். அங்கேயும் ‘6 மாதம் வாரண்டி’ என்று மொத்தமாக எழுதாதீர்கள். ‘வயர், ஹோல்டர், சுவிட்ச் 6 மாதம், பல்பும், கீழே விழுந்து உடைந்த சிப்பியும் சேராது, சிப்பியின் நிறமும் வடிவமும் படத்திலிருந்து சற்று மாறும்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். வாங்கியவர் சிப்பி ஒட்டு விட்டுப்போனது என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்னாலேயே முடிவு செய்து எழுதுங்கள்.

இந்த வரிகளைப் பணம் கேட்பதற்கு முன் அனுப்ப வேண்டும். பார்சலுக்குள் சீட்டாக வைத்தால், வாங்கியவர் ஒப்புக்கொண்டதாக ஆகாது. வெளி மாநில வாடிக்கையாளரோடு வியாபாரம் செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 2019 சட்டப்படி அவர் தான் வசிக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். புனே வழக்குக்குப் பாம்பனில் இருந்து நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.